சிவப்பில் ஏறி, சிட்டி ஹாலில் மாறு: ரங்கூனிலிருந்து மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நேற்று ராத்திரி சிங்கப்பூரிலிருந்து போனில் நீ சொன்னாயே, "ரயிலுக்குத் தரைக்குக் கீழே இறங்கினதும் எந்தப் பக்கம் போறதுன்னே தெரியலம்மா" என்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழும், மீதி மறந்து போகும். அதனால் தாளில் எழுதி, தங்கச்சியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன்னால் ரெண்டு தடவை படித்துக்கொள்.

அங் மோ கியோவில் ஒரு வீட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம், வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டிருக்கும் இதே சிவப்பு ரயிலில்தான் சிட்டி ஹாலுக்குப் போவேன். அங்கே பெனின்சுலா பிளாசாவில் நம் பர்மாக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள், மொகிங்கா கிடைக்கும், வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். உன் பள்ளிக்கூடச் சம்பளம் அந்த ரயிலில் போய் அனுப்பியதுதான். அந்த வழி எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

முதலில் ஒரு பழக்கத்தை மறந்துவிடு. நம் ஊர் வட்ட ரயிலில் தூங்கிவிட்டாலும் கவலையில்லை, மூன்று மணி நேரம் சுற்றி ஏறின இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும். சிங்கப்பூர் சிவப்பு ரயில் அப்படி இல்லை. அதற்கு ரெண்டு முனை இருக்கிறது. ஒரு முனை ஜூரோங் ஈஸ்ட், இன்னொரு முனை மரீனா சவுத் பியர். தப்பான திசையில் ஏறினால் போய்க்கொண்டே இருப்பாய். அதனால் ரயிலின் நிறம் பார்த்தால் மட்டும் போதாது, அது எந்த முனைக்குப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். பிளாட்பாரத்துக்கு மேலே தொங்கும் திரையில் அந்த முனையின் பெயரும் எத்தனை நிமிஷத்தில் ரயில் வரும் என்பதும் இருக்கும்.

இப்போது கார்டு. ஸ்டேஷன் டிக்கெட் ஆபீசில் ஈசி லிங்க் கார்டு என்று கேள். பெரியவர்களுக்கானது 10 வெள்ளி. அதில் 5 வெள்ளி கார்டுக்கு விலை, மீதி 5 வெள்ளிதான் பயணத்துக்கு. சிங்கப்பூர் பேங்க் கார்டையும் கேட்டில் தட்டலாம், ஆனால் உனக்கு முதல் சம்பளம் வந்து கணக்கு திறக்கும்வரை இந்தக் கார்டே போதும். நம் ஊர் பேங்க் கார்டை நம்பி கேட்டுக்கு முன்னால் போய் நிற்காதே, பின்னால் வரிசை நிற்கும்.

உள்ளே போகும்போது தட்ட வேண்டும், வெளியே வரும்போதும் தட்ட வேண்டும், ரெண்டும் ஒரே கார்டாக இருக்க வேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதே. என்னோடு வேலை செய்த ஒரு அக்கா பர்சையே கேட்டில் வைத்துத் தட்டுவார். பர்சுக்குள் ஈசி லிங்க் ஒன்று, முதலாளியம்மா காய்கறி வாங்கக் கொடுத்த பேங்க் கார்டு ஒன்று. உள்ளே போகும்போது கேட் ஒரு கார்டைப் படித்தது, வெளியே வரும்போது இன்னொன்றைப் படித்தது. சிவப்பு விளக்கு எரிந்து கதவு திறக்கவே இல்லை. அழாத குறையாகக் கவுண்டரில் நின்று சொல்லி, அரை மணி நேரம் போனது. அதனால் கார்டைப் பர்சிலிருந்து வெளியே எடுத்து, அதை மட்டும் தட்டு. போனைப் பிடித்த கையாலேயே தட்டாதே, போனிலும் இப்போது பேங்க் கார்டு போட்டு வைக்கிறார்களே. கேட் திறக்கவில்லை என்றால் தள்ளாதே, தாண்டாதே, முன்னால் போகிறவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டும் போகாதே. பக்கத்திலேயே கண்ணாடிக் கவுண்டர் இருக்கும், அங்கே கார்டைக் கொடு. இயந்திரத்தில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

சில கார்டுகளுக்கு கேட்டின் திரையிலேயே மீதிக் காசு தெரியும், சிலவற்றுக்குத் தெரியாது. உன் கார்டுக்குத் தெரியவில்லை என்றால் வெள்ளிக்கிழமை தோறும் காசு ஏற்றும் மிஷினில் வைத்துப் பார்த்துவிடு. காலை அவசரத்தில் காசில்லாமல் நிற்காதே.

இனி உன் வழி. நீ தங்கியிருப்பது யீஷூன். வேலை தஞ்சோங் பகாரில். யீஷூன் சிவப்பு வரியில் இருக்கிறது, அதன் எண் NS13. தஞ்சோங் பகார் பச்சை வரியில், EW15. ஆக நடுவில் ஒரு தடவை மாறியே ஆக வேண்டும். வரைபடத்தைப் பார்த்தால் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து ரெண்டு ஸ்டேஷனில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சிட்டி ஹாலிலும் ராஃபிள்ஸ் பிளேஸிலும். எங்கே மாறினால் என்ன, ரெண்டும் ஒன்றுதானே என்று நினைப்பாய். ஒன்றில்லை தம்பி. இதற்காகத்தான் இத்தனை பெரிய கடிதம்.

நீ போகும்போதும் சிட்டி ஹாலிலேயே மாறு, வரும்போதும் சிட்டி ஹாலிலேயே மாறு. காரணம் சொல்கிறேன். சிட்டி ஹால் தரைக்குக் கீழே ரெண்டு தளமாக இருக்கிறது. ஒவ்வொரு தளத்திலும் நடுவில் ஒரே ஒரு பிளாட்பாரம், அதன் ஒரு பக்கம் சிவப்பு ரயில், மறுபக்கம் பச்சை ரயில். மரீனா சவுத் பியர் போகும் சிவப்புக்கு எதிர்ப்பக்கம் துவாஸ் லிங்க் போகும் பச்சை நிற்கும். உனக்குக் காலையில் வேண்டியது அதுதான். இன்னொரு தளத்தில், பாசிர் ரிஸ் போகும் பச்சைக்கு எதிர்ப்பக்கம் ஜூரோங் ஈஸ்ட் போகும் சிவப்பு. சாயங்காலம் உனக்கு வேண்டியது அது. ஒரு கதவில் இறங்கி, பத்துப் பதினைந்து அடி நேராக நடந்து, எதிர்க் கதவில் ஏறினால் முடிந்தது. படி இல்லை, எஸ்கலேட்டர் இல்லை, கேட் இல்லை, கார்டைத் தட்ட வேண்டியதும் இல்லை.

ராஃபிள்ஸ் பிளேஸில் இந்த ஜோடி மாறியிருக்கும். அங்கே மரீனா சவுத் பியர் சிவப்புக்கு எதிரே நிற்பது பாசிர் ரிஸ் பச்சை. வடக்கிலிருந்து வந்து கிழக்கே போகிறவர்களுக்கு அது வசதி. நீ அங்கே இறங்கினால் எஸ்கலேட்டர் பிடித்து வேறு தளத்துக்குப் போக வேண்டும், காலை எட்டரை மணிக்கு அந்தக் கூட்டத்தில். பழக்கத்தில் எதிர்க் கதவுக்குள் நடந்துவிட்டாயோ, வந்த வழியே சிட்டி ஹாலுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பாய்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று நானும் யோசித்திருக்கிறேன். சிங்கப்பூரின் முதல் ரயில் 1987 நவம்பர் 7-ஆம் தேதி யோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஓடியது, உன் சிவப்பு வரியில்தான். அடுத்த மாதம் ஊட்ரம் பார்க் வரை நீட்டினார்கள், அப்போதே தஞ்சோங் பகாரும் திறந்துவிட்டது. அந்தக் காலத்தில் அந்த ஒரே ரயில் மாறாமல் தஞ்சோங் பகார் வரை போகும். பிறகுதான் சிவப்பு, பச்சை என்று ரெண்டாகப் பிரித்தார்கள். இப்போது நீ சிட்டி ஹாலில் நடக்கிற பத்தடிதான் அந்தப் பழைய ஒரே வழியைச் சேர்த்து வைக்கிறது.

திங்கட்கிழமையை அப்படியே நடந்து பார்ப்போம். உனக்கு வேலை எட்டே முக்காலுக்கு என்றாய். 7.30-க்கு வீட்டிலிருந்து கிளம்பு. வார நாளில் காலை 7.45-க்கு முன்னால் கேட்டில் தட்டி உள்ளே போனால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். மாசத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு வேளை நல்ல சாப்பாட்டுக்கு மேல் வரும், விட்டுவிடாதே. யீஷூன் ஸ்டேஷன் தரைக்கு மேலே தூணில் நிற்கிறது, கீழே இல்லை. தட்டி, மேலே ஏறி, மரீனா சவுத் பியர் என்று திரை சொல்லும் பக்கத்தில் நில். தரையில் கோடும் அம்புக்குறியும் போட்டிருக்கும். நடுவில் இறங்குகிறவர்களுக்கு வழி, ரெண்டு ஓரமும் ஏறுகிறவர்களுக்கு. ஓரத்தில் நில். கதவு மூடும் ஓசை கேட்டுவிட்டால் ஓடாதே. அந்த நேரத்தில் ரெண்டு மூன்று நிமிஷத்தில் அடுத்தது வந்துவிடும்.

உள்ளே போனதும் பையைக் கழற்றி முன்பக்கம் பிடித்துக்கொள். கதவோரம் நிற்காமல் நடுவுக்குப் போ. பிராடல் தாண்டினதுமே கதவுப் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டாம், அது சீக்கிரம். நியூட்டன், ஆர்ச்சர்ட் வந்ததும் நகர்ந்தால் போதும், ஆர்ச்சர்டில் பாதிப் பேர் இறங்குவார்கள். பிஷான் வரை ஜன்னலில் வீடு, மரம் எல்லாம் தெரியும். பிஷானுக்கு அப்புறம் ரயில் தரைக்குள் இறங்கிவிடும், ஜன்னல் கறுப்பாகிவிடும். முதல் நாள் அந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பயப்படாதே. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயரைச் சொல்வார்கள், கதவுக்கு மேலே இருக்கும் படத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கும். இங்கே ரங்கூனில் கோயில் வாசலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும் பார்த்த எழுத்தை அங்கே ஸ்டேஷன் சுவரில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்று மட்டும் தெரிந்துகொள். ரயிலில் சிட்டி ஹால் என்று சொல்வார்கள், பலகையில் தமிழில் நகர மண்டபம் என்று இருக்கும். ரெண்டும் ஒரே இடம்தான், வேறே எங்கோ வந்துவிட்டோம் என்று திரும்பி ஏறிவிடாதே.

யீஷூனிலிருந்து சிட்டி ஹாலுக்கு அரை மணி நேரம் போல ஆகும். இறங்கி, நேரே நட. எதிர்க் கதவுக்கு மேலே பச்சை நிறமும் துவாஸ் லிங்க் என்ற பெயரும் இருக்கிறதா என்று பார்த்து ஏறு. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகப் படி. சிட்டி ஹாலுக்கு அடுத்தது ராஃபிள்ஸ் பிளேஸ். சிவப்பு ரயிலும் அங்கே போகும், பச்சை ரயிலும் அங்கே போகும். அதனால் நீ மறந்துபோய்ச் சிவப்பிலேயே இருந்தாலும், அடுத்து ராஃபிள்ஸ் பிளேஸ் என்று கேட்டதும் சரியாகத்தான் போகிறோம் என்று நினைத்துவிடுவாய். அதற்கு அடுத்த பெயரில்தான் உண்மை தெரியும். தஞ்சோங் பகார் என்றால் சரி. மரீனா பே என்றால் மாறாமல் வந்துவிட்டாய். அப்படி ஆனால் மரீனா பேயில் இறங்கி, ஜூரோங் ஈஸ்ட் போகும் சிவப்பு ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்து ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கு. அந்தச் சிவப்புக்கு எதிர்ப்பக்கமே துவாஸ் லிங்க் பச்சை நிற்கும். கேட்டை விட்டு வெளியே போகாமல் மாறிக்கொண்டால் போதும், பத்து நிமிஷம்தான் வீணாகும்.

தஞ்சோங் பகாரில் இறங்கினதும் கும்பலோடு போய்விடாதே. ஒரு ஸ்டேஷனுக்கு நாலைந்து வாசல் இருக்கும், தப்பான வாசலில் ஏறினால் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் நிற்பாய். உன் கட்டடத்துக்கு எந்த வாசல் என்று ஞாயிற்றுக்கிழமையே சூப்பர்வைசரிடம் மெசேஜில் கேட்டு எழுதி வைத்துக்கொள். மஞ்சள் பலகையில் வாசலும், அது எந்தக் கட்டடத்துக்குப் போகும் என்பதும் இருக்கும். எஸ்கலேட்டரில் இடது ஓரம் நில், வலது பக்கம் நடக்கிறவர்களுக்கு விடு. அங்கே எஸ்கலேட்டர் நம் ஊர்க் கடைகளில் இருப்பதைவிட வேகம். ரப்பர் செருப்பு ஓரத்து இடுக்கில் மாட்டும், லோஞ்சி கட்டியிருந்தால் நுனியைத் தூக்கிப் பிடி.

சாயங்காலத்தில்தான் நான் ஏமாந்தேன், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சோங் பகாரில் பாசிர் ரிஸ் போகும் பச்சையில் ஏறு. ராஃபிள்ஸ் பிளேஸ் வரும், இறங்காதே. அடுத்தது சிட்டி ஹால், இறங்கி எதிரே நிற்கும் ஜூரோங் ஈஸ்ட் சிவப்பில் ஏறு. அடுத்த பெயர் டோபி காட் என்று வர வேண்டும். பூகிஸ் என்று வந்தால் இன்னும் பச்சையில்தான் இருக்கிறாய்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையில் ரெண்டு பை லெப்பெத்து, பேச்சுத் துணைக்கு ஒரு தோழி. சிட்டி ஹாலில் ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரயில் வந்து நின்றது. பேசிக்கொண்டே கதவு திறந்த பக்கம் ஏறிவிட்டேன். மூன்றாவது ஸ்டேஷன் போகும்போது ஜன்னலில் வெளிச்சம் வந்தது. ஆறும் மரமும் தெரிந்தது. அது கல்லாங். சிவப்பு ரயில் பிஷான் வரும்வரை மண்ணுக்குள்ளேயே போகும், எட்டு ஸ்டேஷன். மூன்றிலேயே வானம் தெரிகிறது என்றால் அது பச்சை ரயில். இறங்கி, எதிர்த் திசையில் போகும் ரயிலில் திரும்பி வந்தேன். இதற்குத் தனியாகக் காசு பிடிக்கவில்லை, ஏறின ஸ்டேஷனையும் வெளியே தட்டின ஸ்டேஷனையும் வைத்துத்தான் கணக்கு. ஆனால் முதலாளியம்மா வீட்டுக்கு ஏழு மணிக்குள் போக வேண்டியவள் ஏழே முக்காலுக்குப் போய் நின்றேன்.

சில நாள் சிவப்பு வரியில் கோளாறு வரும். நியூட்டன் பக்கம் நின்று நின்று போனாலோ, சிட்டி ஹால் நெரிசல் என்று ஒலிபெருக்கியில் சொன்னாலோ, ஆர்ச்சர்டிலேயே இறங்கிவிடு. அங்கே பழுப்பு நிற வரி இருக்கிறது, 2022 நவம்பரில் திறந்தது. கேட்டை விட்டு வெளியே போகாமலே பலகையைப் பார்த்து நடந்தால் அதற்குப் போகலாம், கொஞ்சம் நீளமான நடை. நாலாவது ஸ்டேஷன் மேக்ஸ்வெல். அங்கே இறங்கி மேலே வந்தால் தஞ்சோங் பகார் பக்கம் நடந்தே போய்விடலாம். ரயிலே ஓடவில்லை என்றால் ஸ்டேஷன் வாசலில் இலவச பஸ் விடுவார்கள், ஊழியர்கள் நின்று வழி சொல்வார்கள். உடனே சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டுவிடு.

உள்ளே சாப்பிடாதே, தண்ணீர்கூடக் குடிக்காதே. அபராதம் 500 வெள்ளி வரை போகும். தாகமாக இருந்தால் கேட்டுக்கு முன்னாலேயே குடித்துவிடு. வெத்தலை போடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனதாகச் சொன்னாய், அம்மா நம்புகிறேன். வாயில் குன்யாவோடு அந்த ஸ்டேஷனுக்குள் ஒரு நாளும் இறங்காதே. சிவப்பு நிற அவசர பட்டனை ஆள் விழுந்தால், புகை வந்தால் மட்டும்தான் தொட வேண்டும், இறங்கும் இடத்தைத் தவறவிட்டதற்கெல்லாம் தொடக்கூடாது. ராத்திரி ஓவர்டைம் இருந்தால் 11.30-க்குள் ரயில் ஏறிவிடு. சிட்டி ஹாலில் மாற வேண்டியவன் நீ, முதல் ரயில் கிடைத்து ரெண்டாவது போய்விட்டால் டாக்சிக்கு அரை நாள் சம்பளம் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோயிலுக்குப் போவதற்கும் இதே சிவப்பு ரயில்தான். டோபி காட்டில் இறங்கி ஊதா வரிக்கு மாறு, அடுத்த ஸ்டேஷனே லிட்டில் இந்தியா. நியூட்டனில் மாறியும் போகலாம் என்று யாராவது சொல்வார்கள், நீல வரியில் அதுவும் ஒரே ஸ்டேஷன்தான். ஆனால் நியூட்டனில் கார்டைத் தட்டி வெளியே வந்து, நடந்து, மறுபடி தட்டி உள்ளே போக வேண்டும். 15 நிமிஷத்துக்குள் அதே கார்டால் உள்ளே போனால் ஒரே பயணமாகக் கணக்கு வரும். நடுவில் கடையில் நின்று ஏதாவது வாங்கினால் நேரம் தாண்டிப் புதுப் பயணமாகிவிடும். புதிதாக வந்தவன் நீ, டோபி காட்டிலேயே மாறு.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். சிட்டி ஹாலில் மாறி ஏறினதும் அடுத்து என்ன ஸ்டேஷன் வருகிறது என்று பார்த்து, அந்தப் பெயரை மட்டும் எனக்கு அனுப்பு. டோபி காட் என்று வந்தால் அப்பாவிடம் சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்காருவேன்.

அன்புடன்
அம்மா